ஐந்து பேர் கொண்ட டேட்டாபேஸ் டீம் நிலைத்து நிற்கும் பலமா?

கேள்வி: எங்களுடையது கோயம்புத்தூரில் 24 பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம். கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களின் டேட்டாபேஸை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றித் தருகிறோம். மணிக்கணக்கில்தான் பில் போடுகிறோம். இதில் கைதேர்ந்த ஐந்து பேர் டீம்தான் எங்கள் பலம். விஆர்ஐஓ முறைப்படி பார்த்தால் இது நிலைத்து நிற்குமா?

பதில்:

அந்த ஐந்து பேரை மட்டும் வைத்துப் பார்த்தால் நிற்காது, அது தற்காலிகப் பலம்தான். ஆனால் அவர்கள் வேலை செய்த வருடங்களில் உங்கள் நிறுவனத்துக்குள் சேர்ந்திருக்கும் ஒன்று நிலைக்கக்கூடும். அது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் விஆர்ஐஓவின் நான்கு கேள்விகள் உதவும்: ஒரு பலத்துக்கு மதிப்பு உண்டா, அது அரிதா, நகலெடுக்கக் கடினமா, அதிலிருந்து பலன் எடுக்கும்படி நிறுவனம் அமைந்திருக்கிறதா. நானும் இதே மாற்று வேலையில் இருப்பவன் என்பதால் உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன்.

முதல் கேள்வி மதிப்பு. டீம் எவ்வளவு திறமையானது என்பதல்ல இங்கே கேள்வி. அந்தத் திறமையால் கிளையன்ட் கூடுதலாகப் பணம் தருகிறாரா, அல்லது உங்கள் செலவு குறைகிறதா என்பதுதான். கடைசி இரண்டு வருடம் கொடுத்த கோட்டேஷன்களை எடுத்து வையுங்கள். ஜெயித்தவற்றில் நீங்கள்தான் மிகக் குறைந்த விலையா? அப்படியென்றால் உங்களை ஜெயிக்க வைத்தது விலையாக இருக்கலாம். விலை கூடுதலாக இருந்தும் உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் போன் போட்டுக் காரணம் கேளுங்கள். "மாசக் கடைசியில வட்டிக் கணக்கு தப்பாம ஓடணும், அது உங்களால முடியும்னு தெரியும்" என்கிற மாதிரி பதில் வந்தால் மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பின் ஒரு பாதி வெளியே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரக்கிள் லைசென்ஸ் செலவு கடுமையாக இருக்கும் வரைதான் இந்த வேலைக்கு ஆள் தேடுவார்கள்.

இரண்டாவது, அரிதா என்பது. இங்கே பெரும்பாலானோர் வேலைவாய்ப்புத் தளத்தில் எத்தனை பேருக்கு போஸ்ட்கிரெஸ் தெரியும் என்று எண்ணுவார்கள். அது வீண் வேலை. நீங்கள் போட்டியிடும் டெண்டரில் இதே வேலையை இதே தரத்தில் செய்யக்கூடிய எத்தனை நிறுவனங்கள் எதிரே வந்து நிற்கின்றன என்று எண்ணுங்கள். உலகில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்றால் அரிதுதான். ஏழெட்டுப் பேர் வந்தால் அது தொழிலில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தகுதி, பலம் அல்ல.

எது அரிது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் காட்டுகிறேன். நோட்டீஸ் அனுப்ப முகவரியைச் சேர்க்கும் வரி இது:

```sql
SELECT door_no || ', ' || street || ', ' || landmark
FROM borrower;
```

ஆரக்கிளில் `landmark` காலியாக இருந்தாலும் கதவு எண்ணும் தெருவும் வரும். போஸ்ட்கிரெஸில் ஒரு துண்டு `NULL` ஆக இருந்தால் மொத்த முகவரியும் `NULL` ஆகிவிடும். எரர் வராது. நோட்டீஸ் முகவரியே இல்லாமல் அச்சாகி நிற்கும்போதுதான் தெரியும். இந்த வித்தியாசம் ஒன்றும் ரகசியமில்லை, இந்த வேலையில் முதல் வாரமே எல்லோரும் படித்துவிடுவார்கள். ஆரக்கிள் காலிச் சரத்தையும் `NULL` என்றே எடுத்துக்கொள்ளும் என்பதும் அப்படித்தான். ஒரு கடன் மென்பொருளில் இந்த மாதிரி வரிகள் எந்தெந்த மூலையில் ஒளிந்திருக்கும், அதில் எது ரிப்போர்ட்டை மட்டும் கெடுக்கும், எது அபராத வட்டியைக் கெடுக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அரிது. உங்கள் டீமிடம் இருப்பது முதல் வகை அறிவு மட்டுமா, இரண்டாவதும் உண்டா என்று நேர்மையாகப் பாருங்கள்.

மூன்றாவது கேள்விதான் உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போட்டியாளர் இதை நகலெடுக்க என்ன வழி, எவ்வளவு செலவு? மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஆளைத் தூக்குவது. ஐந்து பேர் கொண்ட டீமில் லீடும் இன்னொருவரும் போனாலே போதும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் "விலகிய பிறகு இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது" என்று எழுதி வைத்திருப்பதால் தைரியமாக இருக்காதீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் கீழ், வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கும் அந்த நிபந்தனை செல்லாது. கிளையன்ட்டின் ரகசியத் தகவலைக் காப்பாற்றும் உடன்பாட்டுக்குப் பலம் உண்டு, ஆனால் தலைக்குள் இருக்கும் அனுபவத்தை அது பூட்டி வைக்காது.

ஆகவே ஒரு காகிதத்தில் இதை எழுதிப் பாருங்கள். அந்த இருவரும் நாளையே போட்டியாளரிடம் சேர்கிறார்கள். ஆறு மாதத்தில் அங்கே அவர்களால் என்ன செய்ய முடியும்? அவர்கள் இல்லாமல் இங்கே உங்களால் என்ன செய்ய முடியாமல் போகும்? அங்கே எல்லாம் முடியும், இங்கே எதுவும் முடியாது என்று வந்தால் அந்தப் பலம் அவர்களுடையது, நிறுவனத்துடையது அல்ல.

என் அனுபவத்தில் பதில் அவ்வளவு ஒருபக்கமாக வருவதில்லை. பழைய ஒவ்வொரு மாற்றத்திலும் மாட்டிய பிரச்சினை ஒரு டெஸ்ட்டாக எழுதப்பட்டு கம்பெனி ரெப்பாசிட்டரியில் இருக்கும். ஒரே மாத முடிவுக் கணக்கை இரண்டு டேட்டாபேஸிலும் ஓட்டி, பைசா வரை ஒப்பிடும் ஸ்கிரிப்ட் இருக்கும். கிளையன்ட்டின் கணக்குப் பிரிவில் யாரிடம் கேட்டால் உண்மையான வட்டி விதி கிடைக்கும் என்று உங்கள் டெஸ்டருக்குத் தெரிந்திருக்கும். போகிற இருவரால் இதையெல்லாம் அள்ளிக்கொண்டு போக முடியாது. பல வருட மாற்றங்கள் வழியாகச் சேர்ந்தது அது, பணம் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் சேர்க்க முடியாது. நகலெடுக்கக் கடினம் என்பதற்கு விஆர்ஐஓ முறையை வகுத்த ஜே பார்னி சொல்லும் காரணங்களில் இரண்டு இதில் இருக்கின்றன: வந்த பாதை, ஆட்களுக்கு இடையே ஊறிய உறவு.

இரண்டாவது வழி, சொந்தமாக ஆளைத் தயார் செய்வது. சின்னப் போட்டியாளர்கள் இதற்குப் பொறுமை காட்டுவது குறைவு, பெரியவர்கள் செய்வார்கள்.

மூன்றாவது வழியைத்தான் நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை: உங்களை நகலெடுக்காமலேயே தேவையில்லாமல் ஆக்குவது. பார்னி 1991-இல் எழுதிய கட்டுரையில் மாற்று இல்லாமை தனி நிபந்தனையாகவே இருந்தது. 1995-இல் அமைப்பு என்ற கேள்வியோடு நான்கும் இன்றைய வடிவத்துக்கு வந்தபோது, மாற்றுப் பற்றிய கேள்வி நகலெடுப்புக்குள் போய்விட்டது. அதனாலேயே அது பார்வையிலிருந்து நழுவுகிறது. `ora2pg` இலவசம். டேபிள், இன்டெக்ஸ், எளிய ப்ரொசீஜர்களை அது மாற்றிவிடும். கிளவுட் நிறுவனங்களும் இதே மாதிரி கருவி தருகின்றன. உங்கள் டைம்ஷீட்டில் பாதி நேரம் இந்தக் கருவிகள் செய்யும் வேலைக்குப் போயிருந்தால், அந்தப் பாதி பலமே அல்ல. இதைவிடப் பெரிய மாற்று ஒன்று உண்டு: கிளையன்ட் பழைய மென்பொருளையே தூக்கிப் போட்டுவிட்டு, மாத வாடகைக்குக் கிடைக்கும் புதிய கடன் மென்பொருளுக்குப் போய்விடுவது. கைவிட்டுப் போன வாய்ப்புகளில் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று விற்பனை ஆளிடம் கேளுங்கள். உங்களுக்கு உண்மையான போட்டி அங்கே இருக்கலாம்.

நான்காவது அமைப்பு. இங்கேதான் உங்கள் நிறுவனம் இன்று தோற்கிறது, கேள்வியிலேயே அது தெரிகிறது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். அடுத்தவர் 700 மணி நேரத்தில் முடிக்கும் மாற்றத்தை உங்கள் டீம் 400 மணி நேரத்தில் முடிக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 1,500 ரூபாய் என்றால் அவருக்கு 10.5 லட்சம், உங்களுக்கு 6 லட்சம். மீதி 4.5 லட்சம் கிளையன்ட்டுக்குப் போகிறது. டீம் எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவு உங்கள் வருமானம் குறையும்படி பில் முறையை வைத்திருக்கிறீர்கள். ப்ரொசீஜர் எண்ணிக்கையையும் சிக்கலையும் முதலில் அளந்து, மொத்த வேலைக்கு ஒரே விலை சொன்னால்தான் அந்த நேர மிச்சம் உங்கள் கைக்கு வரும். அதற்கு `ora2pg -t SHOW_REPORT --estimate_cost` கொடுக்கும் மதிப்பீட்டைத் தொடக்கமாக வைத்து, உங்கள் பழைய டைம்ஷீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

விலையை மாற்றிய பிறகு இன்னொரு பங்குதாரர் வருவார்: லீட். தான் இல்லாமல் வேலை நடக்காது என்பது அவருக்குத் தெரியும், மிச்சமாகும் பணத்தில் தன் பங்கைச் சம்பளமாகக் கேட்பார். கேட்பது நியாயமும்கூட. ஆனால் எவ்வளவு கேட்க முடியும் என்பது, அறிவு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கிரிப்டுகள் அவர் லேப்டாப்பில் இருந்தால் முழுவதையும் கேட்கலாம். ரெப்பாசிட்டரியில், இன்னும் இருவரால் ஓட்டக்கூடிய நிலையில் இருந்தால் பேச்சு நிதானமாக நடக்கும். எழுதி வைத்தால் வெளியே கசியும் என்று தயங்குவீர்கள். அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் 24 பேர் நிறுவனத்துக்கு, ஒரு ஆள் விலகலால் வேலை நிற்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

ஆக, உங்கள் வரிசை இப்படி: மதிப்பு உண்டு, கடன் மென்பொருள் என்ற குறுகிய வட்டத்தில் அரிதும்கூட. ஆட்களாக எடுத்தால் நகலெடுக்கலாம். டெஸ்ட் தொகுப்பும் கிளையன்ட் உறவும் சேர்ந்த கட்டாக எடுத்தால் எளிதில் முடியாது. அந்தக் கட்டிலிருந்து பணம் பண்ணும் அமைப்பு இன்னும் இல்லை. பார்னியின் அர்த்தத்தில் "நிலைத்து" என்றால் பத்து வருடம், இருபது வருடம் என்ற காலக்கணக்கு கிடையாது. நகலெடுக்க முயன்றவர்கள் முயற்சியைக் கைவிட்ட பிறகும் உங்கள் கூடுதல் லாபம் நிற்கிறதா என்பதுதான். சந்தையே மாறினால் அப்படிப்பட்ட பலமும் ஒரே வருடத்தில் செல்லாக்காசாகும்.

முதல் வேலையாக, அடுத்த மாற்றத்தில் லீடை மாத முடிவு ஒப்பீட்டிலிருந்து விலக்கி வையுங்கள். மற்ற நால்வரும் ரெப்பாசிட்டரியில் இருப்பதை மட்டும் வைத்து முடிக்கட்டும். எங்கெங்கே அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது என்று ஒரு ஆள் குறித்துக்கொண்டே வரட்டும். அந்தப் பட்டியல் நீண்டால் நான் மேலே "கட்டு" என்று சொன்னது உங்களிடம் இன்னும் உருவாகவில்லை, முதலில் அதை எழுதி வைக்கும் வேலை. பட்டியல் சின்னதாக இருந்தால் அதற்கடுத்த கோட்டேஷனையே மொத்த விலையில் கொடுக்கலாம்.