மின்விசிறியில் ஆற்றல் எங்கே போகிறது?

"ஐந்தாம் வகுப்பு. டார்ச், மின்விசிறி, சைக்கிள் மூன்றுக்கும் ஆற்றல் அம்புக்குறி போடச் சொன்னேன். விசிறிக்கு 'மின்னாற்றல் → இயக்க ஆற்றல் → தீர்ந்துவிடும்' என்று எழுதுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?"

அம்புக்குறியின் கடைசிக் கட்டத்தைத் தொட்டுப் பார்க்க வையுங்கள் டீச்சர். டார்ச்சில் சங்கிலி மின்கலத்தின் வேதி ஆற்றலில் தொடங்க வேண்டும். பலர் மின்னாற்றலிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பழைய இழை பல்பு கிடைத்தால் நல்லது. ஒளியோடு வெப்பமும் வருவது கைக்குத் தெரியும்.

விசிறிக்குத்தான் நேரம் கொடுங்கள். மேசை விசிறியை 15 நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மோட்டாரின் பின்மூடியைத் தொடச் சொல்லுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். ஓடும்போது அதன் முன்னால் ஒரு அறை வெப்பமானியையும் தொங்கவிடுங்கள். அளவு இறங்கும் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள், இறங்காது. இறங்கினால் குமிழ் ஈரமாக இருக்கிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நமக்குக் குளிர்வது வியர்வை ஆவியாவதால். வீசிய காற்று உராய்ந்து ஓயும்போது அதன் இயக்கமும் வெப்பமாகிறது. ஆக, 50 வாட் விசிறி எடுக்கும் மின்னாற்றல் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே சேர்கிறது.

சைக்கிளில் உணவின் வேதி ஆற்றல், தசை, மிதி, சக்கரம் என்று வந்து பிரேக்கில் முடியுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, நீங்களே மிதியைச் சுற்றியபடி பிரேக்கை லேசாக அழுத்துங்கள். சக்கரம் முழுதாக நின்றதும் ரப்பர் கட்டையின் உரசும் முகத்தைத் தொடட்டும். விளிம்பைத் தொட்டால் சூடு தெரியாமல் போகலாம். உலோகம் அதை வட்டம் முழுக்கப் பரப்பிவிடும்.