பல நூறு பக்க அறிக்கையை ஒரே பக்கத்தில் எழுதுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய இரண்டு அறிக்கைகளைச் சுற்றியே இருந்தன. ஒன்று மாதவ் காட்கில் குழு 2011இல் கொடுத்தது, மற்றது கஸ்தூரிரங்கன் குழு 2013இல் கொடுத்தது. பொதுக் கொள்கை வகுப்புகளில் இவற்றை வாசிக்கச் சொல்லி, ‘பிரச்சினை, வழிகள், பரிந்துரை’ என்று ஒரு பக்கக் குறிப்பு கேட்கிறார்கள். அதனால் எல்லாப் பதில்களுக்கும் இவற்றையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

காட்கில் அறிக்கையே இரண்டு பாகம். பாதி வாசிப்பதற்குள் முதலில் வாசித்தது மறந்துவிடுகிறது. எங்கே தொடங்குவது? (எம்.ஏ. மாணவி, கோவை)

முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்காதீர்கள். குழுவிடம் அரசு என்ன கேட்டது என்பதை முதலில் தேடுங்கள். சூழலின் நிலையை மதிப்பிட வேண்டும், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்க வேண்டிய பகுதிகளை அடையாளம் காட்ட வேண்டும், அதற்கென ஓர் ஆணையம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்ல வேண்டும். 2010 மார்ச்சில் அமைக்கப்பட்ட குழுவின் முக்கியப் பணிகள் இவை. கேரளாவின் அதிரப்பள்ளி, கர்நாடகாவின் குண்டியா நீர்மின் திட்டங்கள் பற்றியும் கருத்து கேட்டார்கள். இது தெரிந்த பிறகு பரிந்துரைகளுக்குப் போங்கள். நடுவில் உள்ள அத்தியாயங்களை ஒரு பரிந்துரைக்கு ஆதாரம் தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளைத் தாளின் தலைப்பில் இந்தக் குறிப்பு யாருக்கு, அவர் எதை முடிவு செய்ய வேண்டும் என்று எழுதிவிடுங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகச் செயலருக்கு, பாதுகாப்பு எல்லையை அறிவிப்பது பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அதிரப்பள்ளி அத்தியாயத்தை மூடி வைத்துவிடலாம். கேரள மின்துறைக்கு எழுதினால் அதுதான் முதலில் வாசிக்க வேண்டிய அத்தியாயம். எதை வாசிக்கலாம், எதை விடலாம் என்பது இந்தத் தலைப்பு வரியில்தான் தீர்மானமாகிறது.

“மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் வேகமாக அழிந்து வருகிறது” என்று பிரச்சினையை எழுதினேன். ‘இது தலைப்பு, பிரச்சினை இல்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் பேராசிரியர். 2024 ஆகஸ்ட் மாதத்தில் எழுதுவதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். (மதுரை வாசகர்)

பேராசிரியர் சொன்னது சரி. உங்கள் வாக்கியம் உண்மைதான், ஆனால் அதை வாசிக்கும் செயலர் எதையும் முடிவு செய்ய முடியாது. மலையின் பெயரை மாற்றினால் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் பொருந்தும், இமயமலைக்கும் பொருந்தும்.

எது முடங்கிக் கிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கஸ்தூரிரங்கன் குழு சுமார் 59,940 சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்கச் சொன்னது. கேரளா தன் பங்கைக் குறைத்துக் கேட்டது. அதன் பிறகு 2014 மார்ச்சில் ஆறு மாநிலங்களுக்குமாக 56,825 சதுர கிலோமீட்டருக்கு வரைவு அறிவிக்கை வந்தது. குறித்த நாட்களுக்குள் இறுதி அறிவிக்கை வராவிட்டால் வரைவு காலாவதியாகிவிடும். அப்படித்தான் திரும்பத் திரும்ப வெளியிட்டு, ஆறாவது வரைவு 2024 ஜூலை 31 அன்று வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் வயநாட்டில் நிலச்சரிவு.

இப்போது இப்படி எழுதலாம்: “2014 முதல் ஆறு முறை வரைவு வெளியிட்டும், மாநிலங்களின் ஆட்சேபங்களால் இறுதி எல்லை அறிவிக்கப்படவில்லை. அதனால் 56,825 சதுர கிலோமீட்டருக்கு நிரந்தரமான சட்ட எல்லை இல்லை.” இதை வாசிப்பவருக்குத் தன் மேசையில் என்ன கிடக்கிறது என்று தெரியும்.

இரண்டு தவறுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். “கடுமையான சட்டம் இல்லாததே பிரச்சினை” என்று எழுதினால் பரிந்துரையைப் பிரச்சினைக்குள்ளேயே ஒளித்துவிட்டீர்கள், மற்ற வழிகளுக்கு அங்கே இடமில்லை. அப்புறம், அறிவிக்கை வந்திருந்தால் வயநாட்டுச் சரிவு நடந்திருக்காது என்று எழுதாதீர்கள். இந்த அறிக்கைகளை வைத்து அதை நிறுவ முடியாது. அந்த ஒரு வரி தவறாகிவிட்டால் பக்கம் முழுவதையும் சந்தேகிப்பார்கள்.

எதுவும் செய்யாமல் விடுவது, எல்லாவற்றையும் தடை செய்வது, நடுவழி: இந்த மூன்று வழிகள் போதுமா? (அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகும் வாசகர், திருநெல்வேலி)

போதாது. முதல் இரண்டும் நடுவழியை அழகாகக் காட்டுவதற்காக நிறுத்திய பொம்மைகள். ஒவ்வொரு வழிக்கும் அதை மனதார ஆதரித்து வாதாடக்கூடிய ஒருவர் வெளியே இருக்க வேண்டும்.

இங்கே அப்படிப்பட்ட வழிகள் மூன்று இருக்கின்றன. ஆறு மாநிலங்களுக்கும் வரைவில் உள்ளபடியே ஒரே இறுதி அறிவிக்கை கொடுப்பது முதலாவது. உடன்பட்ட மாநிலங்களுக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு என்று படிப்படியாக அறிவிப்பது இரண்டாவது. காட்கில் வலியுறுத்தியதுபோல எல்லையை கிராம சபைகளிடம் கொண்டுபோய், அவர்கள் சொல்வதைக் கேட்டு வரைவது மூன்றாவது. இப்படியே விட்டுவைப்பதை ஒப்பிடுவதற்கான அடிக்கோடாக ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

மூன்றையும் ஒரே கேள்விகளால் அளக்க வேண்டும். இரண்டு கேள்விகள் போதும்: தரையில் என்ன தடைபடும், யார் ஏற்பார்கள்? முதல் வழியில் புதிய சுரங்கமும் கல்குவாரியும் மணல் அள்ளுவதும், புதிய அனல்மின் நிலையங்களும், மாசு அதிகமான புதிய சிவப்புப் பிரிவுத் தொழிற்சாலைகளும், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டடங்களும் தடைபடும். ஆனால் கர்நாடகா ஏற்கவில்லை. மூன்றாவது வழியில் மக்களின் நம்பிக்கை கிடைக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான கிராமங்களில் பேசி முடிக்க வருடக்கணக்கில் ஆகும். விவசாயம் தடைப் பட்டியலில் இல்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். நிலம் போய்விடும் என்ற பயம்தான் மலைக் கிராமங்களில் எதிர்ப்புக்குப் பெரிய காரணம். மாணவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

மலையில் எவ்வளவு பகுதியைப் பாதுகாக்க வேண்டும் என்று இரண்டு குழுக்களும் சொன்ன சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடலாமா? (சென்னை வாசகி)

வேண்டாம். கஸ்தூரிரங்கன் குழுவின் 37 சதவீதம், 1,64,280 சதுர கிலோமீட்டரில் கணக்கிட்டது. காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலை என்று எடுத்துக்கொண்டது 1,29,037 சதுர கிலோமீட்டர்தான். அடியில் இருக்கும் மொத்தமே வேறு என்பதால் சதுர கிலோமீட்டரில் எழுதுங்கள். அளந்த முறையும் வேறு. காட்கில் குழு முழு மலையையும் கட்டங்களாகப் பிரித்து மூன்று அடுக்கு மண்டலம் போட்டது, மற்றது கிராமத்தை அலகாக எடுத்தது.

பரிந்துரையில் ஒரு பக்கம் சாயலாமா? நடுநிலை போய்விடாதா? (யாழ்ப்பாணம் வாசகர்)

சாய்ந்துதான் ஆகவேண்டும். “எல்லாத் தரப்பையும் கலந்து சமநிலையான முடிவு எடுக்கலாம்” என்று முடித்தால், முடிவெடுக்கும் வேலையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். நடுநிலையை வழிகளை அளக்கும் பகுதியிலேயே காட்டியிருப்பீர்கள்.

அதே 2024 ஆகஸ்டில் நான் எழுதுவதாக இருந்தால் படிப்படியான அறிவிப்பைப் பரிந்துரைப்பேன்: “உடன்பட்ட மாநிலங்களின் எல்லையை இந்த வரைவு காலாவதியாகும் முன் அமைச்சகம் இறுதி செய்யட்டும். மற்ற மாநிலங்களில் ஆட்சேபம் உள்ள கிராமங்களின் கிராம சபைகளை அதே காலத்தில் கூட்டட்டும்.” யார், எதை, எப்போது என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

அடுத்த வரியிலேயே இதனால் வரும் இழப்பையும் சொல்வேன். மலை மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. காவிரி பிறப்பது கர்நாடகத்தின் குடகில். அந்தப் பகுதி பின்னுக்குப் போனால், ஆற்றின் தலைப்பகுதிக்குக் காப்பு இல்லாமல் கீழே உள்ளவர்கள் காத்திருக்க வேண்டும். இதை நீங்களே எழுதாவிட்டால் கூட்டத்தில் வேறு யாராவது எழுந்து சொல்வார்கள், அப்போது உங்கள் பரிந்துரை பலவீனமாகத் தெரியும்.

ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. எழுத்தைச் சிறிதாக்கலாமா? (திருச்சி வாசகி)

வேண்டாம். தமிழில் வாசிக்கக்கூடிய எழுத்தளவில் ஒரு பக்கத்துக்கு 250 முதல் 300 சொற்கள்தான் பிடிக்கும். முதலில் வெட்ட வேண்டியது வரலாறு: குழு எப்போது அமைந்தது, யார் யார் உறுப்பினர்கள், எத்தனை கூட்டம் நடந்தது. அதை எடுத்த பிறகும் மிஞ்சினால், வழிகளில் ஒன்றுக்கு நீங்களே உண்மையான ஆதரவாளரைக் காட்ட முடியாமல் இருக்கலாம். அந்த வழியை எடுத்துவிடுங்கள்.