டிராஃப்ட் ஃபேன்டஸி லீக்கில் கோல், அசிஸ்ட், கிளீன் ஷீட்டுக்கு எத்தனை பாயின்ட் வைப்பது?

கேள்வி: எட்டுப் பேர் சேர்ந்து கால்பந்து டிராஃப்ட் லீக் நடத்துகிறோம். கோலுக்கு யார் அடித்தாலும் 5, அசிஸ்ட்டுக்கு 3, கோல்கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் கிளீன் ஷீட்டுக்கு 4. எல்லாரும் ஸ்ட்ரைக்கர்களையே முதலில் எடுக்கிறார்கள். கிளீன் ஷீட்டை 6 ஆக்கினால் எல்லா பொசிஷனும் சமமாகிவிடுமா?

பதில்:

ஆகாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வரும். அதற்கு முன், எதைச் சமமாக்க வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம்.

டிராஃப்டில் ஒரு வீரரை நீங்கள் முந்திக்கொண்டு எடுப்பது அவர் நிறைய பாயின்ட் எடுப்பதால் மட்டும் இல்லை. அவரை விட்டுவிட்டால், அதே பொசிஷனில் கடைசியாக உங்களுக்குக் கிடைக்கும் ஆள் எவ்வளவு குறைவாக எடுப்பார் என்பதுதான் உங்களை அவசரப்படுத்துகிறது. ஆகவே பார்க்க வேண்டியது அந்த இடைவெளியை. ஆளுக்கு 1 கீப்பர், 4 டிஃபெண்டர், 4 மிட்ஃபீல்டர், 2 ஸ்ட்ரைக்கர் இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு டீமுக்கு 8 கீப்பர், 32 டிஃபெண்டர், 32 மிட்ஃபீல்டர், 16 ஸ்ட்ரைக்கர் தேவை. அப்படியானால் 9வது கீப்பர், 33வது டிஃபெண்டர், 33வது மிட்ஃபீல்டர், 17வது ஸ்ட்ரைக்கர் ஆகியோர்தான் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் ஆட்கள். மற்றவர்களை இவர்களோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட வேண்டும்.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். 38 ஆட்ட சீசன். ஆடியதற்கான பாயின்ட் எல்லாருக்கும் ஒன்றுபோல் வருவதால் அதை விட்டுவிடலாம். முதலிடத்து ஸ்ட்ரைக்கர் 24 கோல், 6 அசிஸ்ட். 17வது ஆள் 9 கோல், 3 அசிஸ்ட். முதலிடத்து மிட்ஃபீல்டர் 17 கோல், 11 அசிஸ்ட், அவர் ஆடியதில் 13 கிளீன் ஷீட். 33வது ஆள் 5 கோல், 5 அசிஸ்ட், 9 கிளீன் ஷீட். முதலிடத்து டிஃபெண்டர் 4 கோல், 8 அசிஸ்ட், 15 கிளீன் ஷீட். 33வது ஆள் 1 கோல், 2 அசிஸ்ட், 9 கிளீன் ஷீட். கீப்பர்களுக்கு 15, 10 கிளீன் ஷீட்.

உங்கள் இப்போதைய விதிப்படி ஸ்ட்ரைக்கர்கள் 138, 54. இடைவெளி 84. மிட்ஃபீல்டில் 118, 40, இடைவெளி 78. டிஃபென்ஸில் 104, 47, இடைவெளி 57. கீப்பருக்கு வெறும் 20. உங்கள் நண்பர்கள் ஸ்ட்ரைக்கரை நோக்கி ஓடுவது நியாயம்தான், விதியே அவர்களை அங்கே தள்ளுகிறது.

சரி, கிளீன் ஷீட்டை 6 ஆக்குவோம். டிஃபென்ஸ் இடைவெளி 69 ஆகிறது, நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் 33வது டிஃபெண்டரைப் பாருங்கள்: 47இல் இருந்தவர் 65க்குப் போய்விட்டார். 17வது ஸ்ட்ரைக்கர் 54, 33வது மிட்ஃபீல்டர் 40. ஃபார்மேஷனை மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தால், யாரும் சீண்டாத டிஃபெண்டரைப் பொறுக்கி எடுத்து ஐந்து பேரை இறக்குபவர் எந்த மெனக்கெடலும் இல்லாமல் முன்னால் போவார். கிளீன் ஷீட்டின் இயல்பே அதுதான். அது டீமுக்கு வருவது; நன்றாக ஆடியவருக்கும் சும்மா நின்றவருக்கும் ஒன்றாகவே வரும். அதன் மதிப்பைக் கூட்டினால் அந்த பொசிஷன் முழுவதும் சேர்ந்து மேலே ஏறும். தவிர, ஒரே கிளப்பின் கீப்பரையும் இரண்டு டிஃபெண்டரையும் வைத்திருப்பவருக்கு ஒரே ஆட்டத்தில் 18 பாயின்ட். 89வது நிமிடம் ஒரு கோல் விழுந்தால் மூன்றும் போச்சு. வாராவாரம் முடிவு இப்படி ஒரே ஆட்டத்தில் தொங்கினால், கிளீன் ஷீட் கனத்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அதனால் கிளீன் ஷீட்டை 4லேயே விட்டுவிட்டு கோலில் கை வையுங்கள். ஃபேன்டஸி பிரீமியர் லீக்கில் டிஃபெண்டர் கோலுக்கு 6, மிட்ஃபீல்டருக்கு 5, ஸ்ட்ரைக்கருக்கு 4; மிட்ஃபீல்டருக்குக் கிளீன் ஷீட்டுக்கு 1. தொடங்க நல்ல இடம், ஆனால் அதை அப்படியே எடுத்தால் நம் கணக்கில் மிட்ஃபீல்ட் இடைவெளி 82, ஸ்ட்ரைக்கர் 69. காரணம், விங்கில் இருந்து கோல் அடிப்பவர்கள் பலர் அங்கே மிட்ஃபீல்டர் பட்டியலில் இருக்கிறார்கள். 2024-25இல் சலா 29 கோல், 18 அசிஸ்ட், மொத்தம் 344 பாயின்ட். பட்டியலில் அவர் மிட்ஃபீல்டர். ஸ்ட்ரைக்கர் என்று போட்டிருந்தால் கோலில் மட்டும் 29 பாயின்ட் குறைந்திருக்கும். அங்கே ஒவ்வொருவருக்கும் விலை உண்டு, அதிகம் எடுப்பவரின் விலையை ஏற்றிச் சரிக்கட்டலாம். டிராஃப்டில் விலை கிடையாது, பாயின்ட்தான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும்.

ஆகவே மிட்ஃபீல்டர் கோலையும் 4 ஆக்கிவிடுவேன். அப்போது ஸ்ட்ரைக்கர் 114, 45. மிட்ஃபீல்டர் 114, 44. டிஃபெண்டர் 108, 48. இடைவெளி முறையே 69, 70, 60. கடைசி ஆட்கள் மூவரும் 44க்கும் 48க்கும் நடுவில் இருப்பதால் எந்த ஃபார்மேஷனுக்கும் இலவச லாபம் இல்லை. டிஃபென்ஸ் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் டிஃபெண்டர் அசிஸ்ட்டை மட்டும் 4 ஆக்குங்கள். இடைவெளி 66 ஆகும், 33வது ஆள் 50க்குத்தான் போவார். ஓடி ஏறி கிராஸ் போடும் ஃபுல்பேக்குக்குக் கிடைக்க வேண்டியது அவருக்கே போய்ச் சேரும். எல்லாருக்கும் அசிஸ்ட்டை 2 ஆகக் குறைக்க மட்டும் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஸ்ட்ரைக்கர் இடைவெளி 3 குறையும்போது மற்ற இருவருக்கும் 6 குறையும்.

கீப்பர் தனிக்கதை. பலர் உடனே சேவுக்குப் பாயின்ட் கொடுக்கிறார்கள். மொத்தம் கூடும், இடைவெளி சுருங்கும். பலவீனமான டீமின் கீப்பருக்குத்தான் பந்து அதிகம் வரும். நல்ல டீம் கீப்பர் 75 சேவ், அந்த 9வது ஆள் 105 சேவ் என்றால், மூன்று சேவுக்கு 1 வீதம் 20ஆக இருந்த இடைவெளி சுமார் 10 ஆகிவிடும். நீங்கள் கேட்பதற்கு நேர் எதிர். கீப்பருக்கு மட்டும் கிளீன் ஷீட்டை 6 ஆக்கி, ஆட்டத்தில் வாங்கும் ஒவ்வொரு இரண்டு கோலுக்கும் 1 கழித்தால் இடைவெளி 30ஐத் தாண்டும். எல்லாரும் ஒரே ஒரு கீப்பரைத்தான் இறக்க முடியும் என்பதால் இங்கே 6 கொடுத்தாலும் ஃபார்மேஷன் கெடாது. அப்போதும் அவர் மற்றவர்களுக்கு நிகராக வரமாட்டார், அதை இன்னும் இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

என் எண்களை நம்பாமல் உங்கள் லீக்கின் போன சீசன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பொசிஷனுக்கும் ஒரு ஷீட், D பத்தியில் புதிய விதிப்படி மொத்தப் பாயின்ட். டிஃபெண்டருக்கு:

```
=LARGE(D2:D200,3)-LARGE(D2:D200,33)
```

முதலிடத்தை விட்டு மூன்றாமவரை எடுப்பது, ஒரே ஒரு அசுர சீசன் கணக்கைச் சாய்த்துவிடாமல் இருக்க. 33க்குப் பதில் ஸ்ட்ரைக்கர் ஷீட்டில் 17, கீப்பருக்கு 9. இரண்டு மூன்று சீசனுக்குப் போட்டுப் பார்த்த பிறகு விதியை முடிவு செய்யுங்கள். அப்புறம், கிளீன் ஷீட்டுக்கு 60 நிமிடம் ஆடியிருக்க வேண்டுமா, பெனால்ட்டி வாங்கிக் கொடுத்தால் அசிஸ்ட் உண்டா என்பதையும் டிராஃப்டுக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பெனால்ட்டியை அசிஸ்ட்டாக எண்ணினால் மேலே சொன்ன இடைவெளிகளும் கொஞ்சம் நகரும்.