இறுகிப்போன பெயிண்ட் டின்: வாய் வளையாமல் திறப்பது எப்படி?

கேள்வி: கடந்த தைப்பொங்கலுக்குக் கதவு ஜன்னல்களுக்கு அடித்த பச்சை எனாமல் பெயிண்ட், ஒரு லீற்றர் டின்னில் அரைவாசி மீதியாக இருக்கிறது. மூடி கல்லாக இறுகிவிட்டது. தம்பி திருப்புளியால் ஒரே இடத்தில் நெம்பியதில் மூடியின் ஓரம் சற்று மேலே வளைந்துவிட்டதே தவிர, டின் திறக்கவில்லை. இதைக் கெடுக்காமல் திறந்து, மறுபடியும் மூடி வைக்க வழி உண்டா?
– வாசகி ஒருவர், நானுஓயா

பதில்:

வழி உண்டு, சகோதரி. வளைந்திருப்பது மூடியின் ஓரம் மட்டும்தான் என்பது நல்ல செய்தி. மூடியைத் தட்டிச் சரிசெய்யலாம். டின்னின் வாய் நெளிந்தால்தான் பெரிய தொல்லை. எனவே தம்பியின் கையிலுள்ள திருப்புளியை முதலில் வாங்கி வைத்துவிடுங்கள்.

மூடியை இரண்டு விடயங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. டின்னின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறதல்லவா? தூரிகையை வாயில் வழித்தபோது அந்தப் பள்ளத்தில் தேங்கிய பெயிண்ட், மூடியையும் டின்னையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. எனாமல் பெயிண்ட் காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சித்தான் காய்கிறது. மூடிய டின்னுக்குள்ளும் அது நடக்கும். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். அதில் ஒரு பகுதி போனாலும் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியைக் கீழே அழுத்தும். மூடியின் நடுப்பகுதி சற்றுக் குழிந்திருந்தால் அதுதான் அடையாளம். சில கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமமான அந்தப் பலத்தை ஒரே இடத்தில் நெம்பி வெல்ல முயன்றால், தகரத்தின் ஓரம்தான் வளையும்.

ஆகவே முதல் வேலை நெம்புவது அல்ல, சுரண்டுவது. பழைய சவர அலகையோ மெல்லிய முனையுள்ள கத்தியையோ மூடியும் வாயும் சந்திக்கும் கோட்டில் வைத்து, சுற்றிவர அந்தப் பெயிண்ட் படலத்தை அறுத்துவிடுங்கள். அலகு ஆழமாக இறங்க வேண்டியதில்லை, ஒட்டுப் பிரிந்தால் போதும். சுரண்டிய தூளைப் பழைய தூரிகையால் துடைத்தெடுங்கள். இல்லாவிட்டால் மூடி எழும்போது அது பெயிண்டுக்குள் விழும். டர்பன்டைன் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைக்கலாமே என்று கடையில் சொல்வார்கள். ஒரு வருடம் காய்ந்த எனாமல் அவற்றில் கரையாது. தின்னர் ஓரளவு மென்மையாக்கும், ஆனால் சட்டென்று தீப்பற்றும். விறகடுப்பு எரியும் வீட்டுக்குள் அதைத் திறக்கவே வேண்டாம். உங்கள் டின்னுக்குக் கத்தியே போதும்.

அடுத்தது சூடு. கை பொறுக்கும் அளவு வெந்நீரை ஒரு பேசினில் ஊற்றி, டின்னின் பாதி உயரம்வரை நீரில் இருக்கும்படி பத்து நிமிடம் வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மூடியை அழுத்தும் பலம் குறையும். ஒட்டிய படலமும் கொஞ்சம் இளகும். அடுப்பிலோ நெருப்புக்குப் பக்கத்திலோ டின்னை ஒருபோதும் வைக்காதீர்கள். இதெல்லாம் வெளியே, இஸ்தோப்பிலோ முற்றத்திலோ செய்ய வேண்டிய வேலை.

இப்போது நெம்பலாம். கூர்முனை வேண்டாம். விரல் நகம் அளவு அகலமான தட்டை முனை வேண்டும். பெயிண்ட் டின் திறப்பதற்கென்றே விற்கும் சிறு கம்பி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் தடித்த மேசைக்கரண்டியின் காம்பு போதும். முனை மூடியின் சுருண்ட ஓரத்துக்கு அடியில் மட்டுமே போக வேண்டும். பள்ளத்துக்குள் ஆழமாகக் குத்தினால் உட்சுவர் உள்ளே தள்ளப்பட்டு வாயின் வட்டம் கெட்டுவிடும். பிறகு எந்த மூடியும் இறுகாது. கரண்டிக் காம்பை டின்னின் வெளி விளிம்பில் தாங்க வைத்து, பிடியை மெல்லக் கீழே அழுத்துங்கள்.

வளைந்த இடத்துக்கு நேர் எதிரே தொடங்குங்கள். ஒரு லீற்றர் டின்னின் வாயைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு ஒன்றாக எட்டு இடங்கள் வரும். முதல் சுற்றில் மூடி எழும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒவ்வோரிடத்திலும் சிறிது அழுத்தம் கொடுத்து நகர்ந்துவிடுங்கள். எங்காவது ‘டக்’ என்ற சத்தமோ, காற்று உள்ளே இழுபடும் ‘உஸ்’ என்ற சத்தமோ கேட்டால் பிடி விட்டுவிட்டது என்று பொருள். இரண்டாவது சுற்றில் மயிரிழை அளவு எழும்பும், மூன்றாவதில் கையோடு வரும். ஓரிடம் மட்டும் அசையாவிட்டால் அங்கே பலத்தைக் கூட்டாமல், மறுபடி அலகால் அறுங்கள்.

புதிய டின் வாங்கும்போது நிலைமை தலைகீழாக இருக்கும் என்பதையும் மலையகத்தில் உள்ளவர்கள் தெரிந்திருக்க வேண்டும். கொழும்புப் பக்கம் நிரப்பி மூடிய டின்னை 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளிருக்கும் காற்று மூடியை வெளியே தள்ளும். அப்படிப்பட்ட டின்மேல் ஒரு துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, ஓரிடத்தில் மட்டும் மெல்லத் திறந்து காற்றை விட்டுவிடுங்கள்.

உங்கள் பெயிண்டின் மேல் ஆடை படிந்திருக்கும். அதைக் கிளறாமல், கத்தியால் ஓரமாக அறுத்து முழுதாகத் தூக்கி எடுங்கள். மீதியைப் பழைய நைலோன் காலுறையில் வடித்து, தேவையானதை மட்டும் சிறு பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். தூரிகை பெரிய டின்னின் வாயைத் தொடவே கூடாது. பள்ளத்தில் ஆணியால் துளையிட்டால் பெயிண்ட் வடிந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. நம் பனியிலும் ஈரத்திலும் துளையிட்ட தகரம் துருப்பிடித்துவிடும் என்பதால் அதை நான் விரும்புவதில்லை.

மூடுவதற்கு முன், மூடியைக் குப்புறச் சமமான கல்லின்மேல் வைத்து, வளைந்த ஓரத்தை மரத்துண்டு வைத்துத் தட்டி நேராக்குங்கள். பள்ளத்தையும் மூடியின் அடிப்புறத்தையும் டர்பன்டைன் நனைத்த துணியால் சுத்தமாகத் துடையுங்கள். ஈரமான பெயிண்ட் அதில் இலகுவாகப் போய்விடும். பெயிண்டின் மேற்பரப்பில் படியும்படி ஒரு பொலித்தீன் வட்டத்தை வெட்டிப் போட்டால் அடுத்த முறை ஆடை படிவது குறையும். டின்னின் வெளி விளிம்பில் மட்டும் துளியளவு வாசலின் தடவலாம், துருவைத் தடுக்கும். அது உள்ளே விழுந்தால் பூசிய இடத்தில் பெயிண்ட் குழிகுழியாகப் பிரியும்.

மூடியின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களாக மாறிமாறித் தட்டி இறக்குங்கள். நேரடியாகச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பிறகு பழைய பத்திரிகையின் மேல் டின்னைச் சற்று நேரம் கவிழ்த்துப் பாருங்கள். வளைந்திருந்த இடத்தில் பச்சைக் கோடு கசிந்தால் அந்த மூடியை நம்ப வேண்டாம். மீதிப் பெயிண்டை, கழுத்துவரை நிரம்பக்கூடிய அளவுள்ள, உலோக மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, உள்ளே இருப்பது எனாமல் பெயிண்ட் என்று ஒட்டியில் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.