பூஜ்யம் எப்படிச் சத்தம் போடும்?

கேள்வி: 8 கிலோஹெர்ட்ஸ் குரல் பதிவை 48 ஆக்க, ஒவ்வொரு சாம்பிளுக்குப் பின்னும் ஐந்து பூஜ்யம் போட்டேன். கரகரவென்று கீச்சிடுகிறது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லைதானே, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஸ்பீக்கர் கோளாறா?

ஸ்பீக்கர் மேல் பழி போடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே கீச்சுக்காக ஸ்பீக்கரை மாற்றினார்கள், ஆம்ப்ளிஃபையரை மாற்றினார்கள். கீச்சு மட்டும் மாறவில்லை. அறிவிப்பு ஒலிபரப்பும் கருவி அது. டெலிபோன் தரப் பதிவு உள்ளே வரும், 48-ல் ஓடும் கோடெக் வழியாக வெளியே போகும்.

நான் செய்தது இவ்வளவுதான்: 300 ஹெர்ட்ஸில் தொடங்கி 3400 வரை மெதுவாக ஏறும் ஒரு டோனை உள்ளே விட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன். ஒரு குரல் ஏறுகிறது. கூடவே இன்னொன்று மேலிருந்து இறங்கி வருகிறது, 7700-லிருந்து 4600-க்கு. ஸ்பீக்கர் சிதைத்தால் வருவது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்கள். டோன் ஏறினால் அவையும் சேர்ந்து ஏறும். எதிர்த்திசையில் இறங்குகிறது என்றால் அது பிம்பம்தான், அதாவது சாம்பிள் ரேட்டான 8000-லிருந்து அசலைக் கழித்தால் வரும் போலி டோன். ஸ்பீக்கருக்கு 8000 என்ற எண்ணே தெரியாதே, அதிலிருந்து கழித்துப் பார்க்க?

உங்கள் பூஜ்யத்துக்கு வருவோம். 8 கிலோஹெர்ட்ஸில் எடுத்த 1 கிலோஹெர்ட்ஸ் கோசைனின் சாம்பிள்களையும் 7 அல்லது 9 கிலோஹெர்ட்ஸ் கோசைனின் சாம்பிள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண்கள் ஒன்றேதான். பழைய ரேட்டில் 4-க்கு மேல் இடமே இல்லாததால் குழப்பமில்லை. 48-க்குப் போனதும் 24 வரை இடம் திறக்கிறது. இவற்றில் எது வேண்டும் என்று பூஜ்யம் சொல்வதில்லை, அதனால் எல்லாமே வந்து உட்கார்ந்துவிடுகின்றன: 1, 7, 9, 15, 17, 23. ஆறு டோன்கள், ஆறும் ஒரே உயரம், ஒவ்வொன்றும் பழையதில் ஆறில் ஒரு பங்கு. பழைய சாம்பிள் இருந்த இடத்தில் ஆறும் கூடி முழு மதிப்பாகின்றன. நடுவில் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யமாகின்றன. நீங்கள் போட்ட "ஒன்றுமில்லை" அதுதான்.

(பூஜ்யம் எதையும் உருவாக்கவில்லை, பிம்பம் ஏற்கெனவே இருந்தது என்று யாராவது திருத்த வருவார்கள். சரி, கணக்குப்படி அப்படித்தான். காதுக்கு இப்போதுதானே கேட்கிறது?)

முந்தைய சாம்பிளையே ஆறு தடவை திருப்பிப் போட்டால் என்ன என்று அங்கேயும் கேட்டார்கள். அதுவும் ஒரு ஃபில்டர்தான், ஆனால் சோம்பேறி ஃபில்டர். 1 கிலோஹெர்ட்ஸ் டோனின் 7 கிலோஹெர்ட்ஸ் பிம்பத்தைச் சுமார் 17 டெசிபல் அமுக்கும், பரவாயில்லை. 3-க்கு வந்தால் குட்டு வெளிப்படும்: 5-ல் இருக்கும் பிம்பம் அசலை விட 4 டெசிபல்தான் தாழ்வாக இருக்கும், அசலும் 2 டெசிபல் குறைந்துவிடும். "ச", "ஸ" வரும் இடமெல்லாம் தகரம் உரசுவது போலக் கேட்பது இதனால்தான்.

முறையான லோ-பாஸ் ஃபில்டர் போடுங்கள். டெலிபோன் குரல் 3.4-ல் முடிகிறது, அதன் முதல் பிம்பம் 4.6-ல் தொடங்குகிறது. இடையில் 1.2 கிலோஹெர்ட்ஸ் சும்மா கிடக்கிறது, ஃபில்டர் அதற்குள் இறங்கினால் போதும். பிம்பத்தை 60 டெசிபல் அமுக்க 145 டாப் ஆகும்.

```python
from scipy.signal import firwin, upfirdn
h = 6 * firwin(145, 4000, window=("kaiser", 5.65), fs=48000)
y = upfirdn(h, x, up=6)
```

அந்த 6 முக்கியம். அசல் ஆறில் ஒரு பங்காகிவிட்டதல்லவா, அதைத் திருப்பித் தருவது அதுதான். விட்டால் ஒலி 15.6 டெசிபல் இறங்கிவிடும், உடனே யாராவது ஆம்ப்ளிஃபையரைத் திருகப் போவார்கள். 145 பெருக்கல் கனமாயிற்றே என்று பயப்பட வேண்டாம்: ஆறில் ஐந்து பூஜ்யத்தைத்தான் பெருக்குகின்றன. `upfirdn` அவற்றைத் தொடுவதே இல்லை, ஒரு வெளியீட்டுக்கு 24 அல்லது 25 பெருக்கல்தான். ஆனால் உங்கள் பதிவில் 3.9 வரை சரக்கு இருந்தால் பிம்பம் 4.1-லேயே வந்துவிடும். இடைவெளி ஆறில் ஒன்றாகச் சுருங்குவதால் டாப்புகளும் ஏறக்குறைய ஆறு மடங்காகும்.

கல்லூரியில் இதே ஸ்பெக்ட்ரத்தை ரெக்கார்ட் நோட்டில் பென்சிலால் வரைந்தோம். அம்புக்குறி சரியாக இல்லையென்று மார்க் குறைத்தார்கள், ஒரு தடவைகூடக் காதில் கேட்க வைக்கவில்லை. அலுவலகத்தில் என் கண்டுபிடிப்பு "ஸ்பீக்கர் மாற்றத்தால் சரியானது" என்றே அறிக்கையில் ஏறியது. போகட்டும்.

இன்னொன்று: இந்த ஃபில்டர் ஒலியை 72 சாம்பிள், அதாவது 1.5 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தும். உங்கள் கருவியில் எக்கோ கேன்சலர் இருந்தால், அதை எழுதுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.