தாச்சி எண்ணெயும் கேத்தல் தண்ணியும்

கேள்வி: "ஒரே அடுப்பு, ஒரே நெருப்பு. எண்ணெய் கெதியாச் சூடாகுது, தண்ணி மட்டும் ஏன் இவ்வளவு மினைக்கெடுது? எண்ணெய் பாரம் குறைவெண்டதாலயா?"

பாரம் சின்னக் காரணம்தான். ஒரு லீற்றர் தண்ணீர் 1000 கிராம் என்றால் அதே அளவு தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். அந்த 80 கிராம் இவ்வளவு நேரத்தை விழுங்காது. பெரிய காரணம் தன்வெப்பக் கொள்ளளவு. ஒரு கிராம் பொருளை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க எவ்வளவு வெப்பம் கொடுக்க வேணும் என்பதுதான் அது. தண்ணீருக்கு 4.2 யூல், சமையல் எண்ணெய்க்கு சுமார் 2.1 யூல். பாதிதான்!

கிளிநொச்சிப் பக்கத் தேத்தண்ணிக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கோ. விடியப்புறம் ஒரு அடுப்பில் தண்ணீர், பக்கத்து அடுப்பில் வடைக்கு எண்ணெய். இரண்டும் ஒரு லீற்றர், இரண்டும் 30 பாகையில் தொடங்குது என்று வைப்போம். 100 பாகைக்கு வர:

```
தண்ணீர்:  1000 × 4.2 × 70 = 294 000 J
எண்ணெய்:   920 × 2.1 × 70 ≈ 135 000 J
```

நெருப்பு இரண்டுக்கும் ஒரே வீதத்தில் வெப்பம் கொடுத்தால், தண்ணீருக்கு இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலான நேரம் வேணும். ஆனால் பாத்திரமும் சூடாக வேணும் என்பதைப் பலர் விட்டுவிடுவினம். அரைக் கிலோ அலுமினியம் (கிராமுக்கு 0.9 யூல்) அதே 70 பாகை ஏற 31 500 யூல் எடுக்கும். இதை இரண்டு பக்கமும் கூட்டினால் 325 500க்கு 166 500 அளவில் வரும். இரண்டு மடங்கு என்றது கொஞ்சம் குறைஞ்சு போச்சு. தடித்த இரும்புத் தாச்சி என்றால் இன்னும் குறையும். வீட்டில் செய்து பார்த்துவிட்டு "கணக்குப் பொருந்தேல்லை" என்கிற ஆக்கள் முதலில் பாத்திரத்தை நிறுக்க வேணும்.

எனக்குப் பிடிச்ச இடம் இனித்தான். தண்ணீர் கொதிக்கத் தொடங்க எடுத்த அந்த 325 500 யூலையும் எண்ணெய்த் தாச்சிக்குக் கொடுத்தால் அது எங்க நிற்கும்? எண்ணெயும் தாச்சியும் சேர்ந்து ஒரு பாகை ஏற ஏறக்குறைய 2380 யூல் வேணும். வகுத்தால் 137 பாகை ஏற்றம், அதாவது 165 பாகைக்குக் கிட்ட. தண்ணீர் தேயிலை போடுற பதத்துக்கு வரேக்க எண்ணெய் வடை போடுற பதத்துக்கு வந்திருக்கும். அதுக்குப் பிறகு தண்ணீர் 100 பாகையிலேயே நின்று ஆவியாகும். எண்ணெய் நிற்காது, புகைக்கிறவரைக்கும் ஏறிக்கொண்டே போகும். விறகை இழுக்க மறந்தால் தீப்பிடிக்கிறதும் அதாலதான்.

சரி, தண்ணீர் ஏன் இவ்வளவு வெப்பத்தை விழுங்குது? தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும். கொடுக்கிற வெப்பத்தில் ஒரு பங்கு மூலக்கூறுகளை வேகமாக அசைக்கும். அதைத்தான் வெப்பமானி காட்டும். மற்றப் பங்கு அந்தப் பிடியைத் தளர்த்துறதிலேயே போய்விடும். இதுக்கு நல்ல சாட்சி தண்ணீரே தான். பனிக்கட்டியின் தன்வெப்பக் கொள்ளளவு 2.1, நீராவியினது 2.0 அளவில். அதே மூலக்கூறுதான். பனிக்கட்டியில் பிடி இறுகிக் கிடக்குது, ஆவியில் பிடியே இல்லை. திரவத்தில் மட்டும் அது கொஞ்சம் கொஞ்சமாக அவிழுது. எண்ணெயில் நீண்ட காபன் சங்கிலிகள். அவற்றுக்கிடையில் இப்படியான பிணைப்பு இல்லை.

இன்னொன்று: வடையைப் போட்டவுடன் "எண்ணெய் கொதிக்குது" என்று சொல்லுறம். அந்தக் குமிழி எண்ணெயினது இல்லை, உழுந்து மாவில் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேறுறது. குமிழி அடங்கினால் வடையின் வெளிப்பக்கத்துத் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் செயன்முறையாகச் செய்யிறதென்றால் இரண்டையும் 30இலிருந்து 70 பாகை வரைக்கும் மட்டும் சூடாக்கி நேரத்தை எடுங்கோ. அதுக்கு மேல் தண்ணீரிலிருந்து ஆவி நிறையப் போய், அந்த வெப்பமும் சேர்ந்து தண்ணீரின் நேரத்தைக் கூட்டிக் காட்டும். எண்ணெய் தடிப்பானது, அடியில் சூடாகி மேலே ஆறிக் கிடக்கும். கலக்கிக்கொண்டே வாசிக்க வேணும். ஆய்கூடத்தில் வழமையாக இருக்கிற வெப்பமானி 110 பாகை வரைக்கும்தான். எண்ணெயில் அதை விட்டுவிட்டு வேற பக்கம் பார்த்தால் குமிழ் வெடிக்கும்.