தலைப்பை மட்டும் படிப்பவருக்கும் விஷயம் புரிய வேண்டும்

கேள்வி: நாங்கள் ஏ.சி. இயந்திரங்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு செய்து தருகிறோம். மூன்று மடிப்புப் புரோஷரில் எல்லாவற்றையும் விளக்கமாகவே எழுதியிருக்கிறோம். ஆனாலும் அதைப் புரட்டிப் பார்த்தவர்கள், “நீங்கள் என்னதான் செய்து தருவீர்கள்?” என்று கேட்கிறார்கள். பிரதியை இணைத்திருக்கிறேன். எதை மாற்றுவது?

பதில்: உங்கள் பத்திகளில் குறையில்லை. ஆனால் அவற்றுக்கு மேலே நிற்பவை “எங்களைப் பற்றி”, “எங்கள் சேவைகள்”, “ஏன் நாங்கள்?” ஆகிய மூன்றும்தான். இவற்றை எந்தத் தொழிலின் புரோஷரிலும் ஒட்டிவிடலாம். புரட்டுகிறவரின் கண் தலைப்பிலும் படத்திலும் நின்றுவிட்டு அடுத்த மடிப்புக்குப் போய்விடுகிறது. நீங்கள் சொல்ல வந்ததோ பத்திக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

ஒவ்வொரு பத்தியிலும் வாடிக்கையாளருக்குக் கிடைப்பதைச் சொல்லும் வாக்கியத்தைத் தேடுங்கள். உங்கள் இரண்டாம் பத்தியில் அது நான்காவது வரியில் இருக்கிறது. அதைச் சுருக்கி மேலே ஏற்றினால், “ஆண்டுக்கு நான்கு முறை வந்து உங்கள் ஏ.சி.யைச் சுத்தம் செய்கிறோம்” என்று தலைப்பு அமையும். “ஏன் நாங்கள்?” இருந்த இடத்தில் “ஏ.சி. பழுதானால் 24 மணி நேரத்துக்குள் வருவோம்” என்று போடுங்கள். ஏ.சி. என்ற சொல் இரண்டிலும் வருகிறதே என்று தயங்க வேண்டாம். மடிப்பை யார் எந்தப் பக்கத்திலிருந்து திறப்பார் என்று சொல்ல முடியாது. “இதை”, “அதனால்” என்று முந்தைய மடிப்பை நம்பித் தொடங்கும் தலைப்பு தனியாக நிற்காது.

உதிரிபாகங்களுக்குத் தனிக் கட்டணம் என்பதைக் கடைசிப் பத்தியில் சிறிய எழுத்தில் வைத்திருக்கிறீர்கள். அதையும் தலைப்பாக்குங்கள்: “உதிரிபாகம் மாற்றினால் மட்டும் தனிக் கட்டணம்”. தலைப்புகளை மட்டும் படித்தவர் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் என்று நம்பிவிட்டால், பின்னால் வரும் மனக்கசப்புக்கு நாம்தான் பொறுப்பு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இனி படங்கள். ஊழியர் அழுக்கேறிய வடிகட்டியைக் கையில் பிடித்திருக்கும் படம் அருமையானது. அதன் கீழே “எங்கள் தொழில்நுட்பக் குழு” என்று எழுதி வீணாக்கிவிட்டீர்கள். படத்தில் தெரிவதிலிருந்து தொடங்கி, தெரியாததைச் சொல்லுங்கள்: “வடிகட்டியில் இவ்வளவு தூசி சேர்ந்தால் அறை குளிர நேரமாகும். ஒவ்வொரு வருகையிலும் இதைக் கழுவித் தருகிறோம்.” கைகுலுக்கும் இருவரின் படத்துக்கு இப்படி எழுத ஒன்றுமில்லை, அதை எடுத்துவிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், தலைப்புகளையும் படக்குறிப்புகளையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். உங்கள் தொழில் தெரியாத ஒருவரிடம் அரை நிமிடம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்ன கிடைக்கும், எத்தனை முறை, எதற்குத் தனியாகப் பணம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் தடுமாறுகிறாரோ, அதற்குரிய தலைப்பை மட்டும் திருத்தி, வேறொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். முதலாமவருக்கு விடை தெரிந்துபோயிருக்கும்.